டீம் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து: எந்த மாதிரி எழுதினால் அது உங்களுடையதாகத் தெரியும்?

டீம் குரூப்பில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால் காலையில் யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார். "ஹேப்பி பர்த்டே! இந்த வருஷம் எல்லாம் நல்லதாவே நடக்கட்டும்." அடுத்தவர் அதில் ஒரு சொல்லை மாற்றிப் போடுவார். மூன்றாமவர் கேக் எமோஜியைச் சேர்ப்பார். கொஞ்ச நேரத்தில் வரிசையாக ஒரு டஜன் செய்திகள் வந்துவிடும். அனுப்பியவர்களின் பெயரை மறைத்துவிட்டால் எதை யார் எழுதினார் என்று பிறந்தநாள்காரருக்கே தெரியாது. மத்தியானம் அவர் "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று மொத்தமாக ஒரு வரி போடுவார், அதோடு முடிந்தது.

இதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மேனேஜர் இருக்கிறார், வேறு துறை ஆட்கள் இருக்கிறார்கள், நேற்று சேர்ந்தவரும் இருக்கிறார். இத்தனை பேர் பார்க்கும் இடத்தில் வித்தியாசமாக எதையாவது எழுதி மாட்டிக்கொள்வானேன் என்று முதல் ஆள் போட்டுக் கொடுத்த அச்சிலேயே மற்றவர்களும் வார்த்துவிடுகிறார்கள். அந்த அச்சை விட்டு வெளியே வரவேண்டும், அதே நேரம் குரூப்பில் யாரும் நெளியவும் கூடாது என்றால், பெரும்பாலானவர்கள் கையில் எடுக்கும் வழிகள் நான்குதான். படம் ஃபார்வர்ட் செய்வது, நல்ல குணங்களை அடுக்குவது, கிண்டல் செய்வது, நடந்த ஒரு விஷயத்தைச் சொல்வது. தனிச் செய்தி என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. ஆனால் அதை இந்த நான்குக்கும் துணையாகத்தான் பார்க்கவேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரூப்பில் நடந்த விஷயம் ஒன்றை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். அதற்கு மேல் சொல்ல இருப்பதைத் தனியாக அனுப்புங்கள். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு.

படத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பூங்கொத்தும் பலூனும் மின்னும் எழுத்தும் கொண்ட படம் வேறொருவருக்காகச் செய்யப்பட்டது என்பது பார்த்தவுடனே தெரியும். போதாததற்கு வாட்ஸ்அப்பே அதைக் காட்டிக் கொடுக்கும். ஃபார்வர்ட் செய்த செய்தியின் மேல் Forwarded என்று வரும். கை மாறிக் கை மாறி ஐந்து சாட்களைத் தாண்டி வந்ததென்றால் இரட்டை அம்புக்குறியோடு Forwarded many times என்றே வந்துவிடும். கேலரியில் சேமித்து வைத்து அங்கிருந்து அனுப்பினால் அந்த முத்திரை வராது, ஆனால் படம் அதே படம்தான். படம்தான் போடுவேன் என்றால் அவரே முன்பு குரூப்பில் பகிர்ந்த, வேலை இடத்தில் எடுத்த ஒரு போட்டோவைப் போடலாம். உங்கள் போனில் மட்டும் இருக்கும் போட்டோவாக இருந்தால், அது அவருக்குப் பிடித்த கோலத்தில் இருக்கிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைத் தவிர்ப்பது நல்லது.

குணங்களை அடுக்குவதுதான் படித்தவர்கள் அதிகம் விழும் குழி. "கடின உழைப்பாளி, எப்போதும் சிரித்த முகம், எல்லோருக்கும் உதவும் மனசு." எழுதும்போது நிறைய சொல்லிவிட்ட மாதிரி இருக்கும். பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல் அவருக்கும் பொருந்தும். இன்னொரு தொல்லையும் உண்டு. அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி 'உழைப்பாளி', 'பொறுப்பானவர்' என்றெல்லாம் எழுதும் இடம் அப்ரைசல் படிவம். குரூப்பில் அதையே எழுதினால், மேனேஜர் பார்க்க மதிப்பெண் போட்ட தொனி வந்துவிடுகிறது. வயதில் சிறியவர் பெரியவரை இப்படிப் பாராட்டினால் ஐஸ் வைக்கிறார் என்பார்கள். பெரியவர் சிறியவருக்கு எழுதினால் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருக்கும். சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்றில்லை. உண்மையாகவே அவர் உழைப்பாளிதான். ஆனால் அந்த உழைப்பை நீங்கள் பார்த்தீர்கள் என்பதற்கு அந்த வரியில் தடயம் எதுவும் இல்லை.

கிண்டல் சரியாக விழுந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. குரூப்பே சிரிக்கும், பிறந்தநாள்காரரும் பதிலுக்கு ஒன்று போடுவார். தவறி விழுந்தால் அன்று முழுக்க அவர் மனதில் அது முள்ளாகக் கிடக்கும். நேரில் சொல்லும்போது குரலும் முகமும் 'சும்மா சொன்னேன்' என்று காட்டிவிடும். எழுத்தில் அந்த வேலையை ஒரு சிரிக்கும் எமோஜி தனியாகச் செய்யவேண்டியிருக்கிறது, அதனால் முடிவதில்லை. அதோடு, உங்கள் இருவருக்குள் ஓடும் கிண்டல் மேனேஜருக்கோ வேறு துறை ஆளுக்கோ கிண்டலாகவே தெரியாமல் போகலாம். 'லேட்டா வர்றதுல உங்கள மிஞ்ச ஆளில்ல' என்று நீங்கள் விளையாட்டாகப் போட்டது அவர் காதில் தகவலாகப் போய் விழும்.

கிண்டலுக்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டால் போதும். அந்த விஷயத்தை வைத்து அவரே, இதே குரூப்பில், தன்னைக் கேலி செய்துகொண்டது உண்டா? உண்டென்றால் நீங்களும் தொடலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வயது, எடை, முடி, கல்யாணம், குழந்தை, சம்பளம், லீவு ஆகியவற்றை அவரே சொல்லியிருந்தாலும் தொடாமல் இருப்பது உத்தமம். இதில் பாதுகாப்பான ஒரு கிளை உண்டு. அவர் அடிக்கடி சொல்லும் வாசகத்தை எடுத்துக்கொள்வது. "ஒரு நிமிஷம், இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பது ஒருவருடைய வாய்மொழி என்றால், "இன்னைக்கு ஒரு நாளாவது 'இன்னொரு தடவை பாத்துடறேன்'னு சொல்லாம சீக்கிரம் கிளம்புங்க, பிறந்தநாள் வாழ்த்துகள்!" என்று எழுதலாம். கிண்டலும் இருக்கிறது, அவர் எவ்வளவு கவனமானவர் என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. யாருக்கும் விளக்கமும் தேவையில்லை.

நடந்த விஷயத்தைச் சொல்வது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதைச் செய்யப்போய்ச் சொதப்புகிறவர்களும் உண்டு. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவு, பதினான்கு பேர் குரூப். பிறந்தநாள் கொண்டாடுபவர் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நீங்கள் இரண்டு வருடமாக வேலை கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அவரைப் பற்றி யோசித்தால் மூன்று விஷயங்கள் நினைவுக்கு வருகின்றன.

முதலாவது, ஒரு மாதக் கடைசியில் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தபோது, ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்ததை ராத்திரியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது அவர். இரண்டாவது, நீங்கள் சேர்ந்த புதிதில் எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்று தெரியாமல் திணறியபோது, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தது. மூன்றாவது, உங்கள் வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம், யாரிடமும் சொல்லாமல் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது.

மூன்றிலும் பெரியது மூன்றாவது, அடுத்தது முதலாவது. ஆனால் குரூப்புக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். பில்லை இரண்டு முறை ஏற்றிய ஆள் அதே குரூப்பில் இருக்கிறார். நீங்கள் அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். செல்வியின் பிறந்தநாளன்று அவர் தலை குனிய வேண்டுமா? இப்படிப்பட்ட 'காப்பாற்றிய கதை'களில் பெரும்பாலும் இன்னொருவருடைய தவறு ஒளிந்திருக்கும். எழுதும் முன் 'இதில் வேறு யார் இருந்தார்கள்' என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள். மூன்றாவது விஷயம் உங்கள் வீட்டுக் கதை. செல்வி அதைச் சத்தமில்லாமல் செய்தார் என்றால் அது சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கலாம். அதைப் படிக்கும் மேனேஜர் 'அந்த வாரம் இரண்டு பேர் வேலையை ஒருவர்தான் பார்த்தாரா' என்று கணக்குப் போடவும் வாய்ப்பு உண்டு. அது தனிச் செய்திக்கு.

ஆக, மூன்று நிற ஷீட். இதை எப்படி எழுதுவது? முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

"செல்வி அக்கா, மாசக் கடைசியில நீங்க பண்ற ஹெல்ப் மறக்கவே முடியாது. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்!"

மோசமில்லை, ஆனால் ஷீட் காணாமல் போய்விட்டது. 'ஹெல்ப்' என்று சொன்னதும் சம்பவம் மறுபடி குணமாகிவிடுகிறது. சரி, விவரமாக எழுதுவோம் என்று உட்கார்ந்தால் எதிர்த்திசையில் போய்விடும்:

"அக்கா, நான் சேர்ந்த புதுசுல எனக்கு ஒண்ணுமே புரியல. நான் ரொம்ப பயந்துபோய் இருந்தேன். வேலைய விட்டுடலாமான்னு கூட நான் யோசிச்சேன். அப்பதான் நீங்க வந்து…"

இதில் எத்தனை 'நான்' என்று எண்ணிப் பாருங்கள். பிறந்தநாள் செல்விக்கு, கதை உங்களுடையது. பன்னிரண்டு வாழ்த்துகளுக்கு நடுவே எட்டு வரி வந்தால் போனில் பாதி திரையை அடைத்துக்கொள்ளும். அடுத்து எழுத வருபவர் தன் ஒரு வரி சின்னதாகத் தெரிகிறதே என்று சங்கடப்படுவார். செல்வியும் அதற்குச் சமமாக ஏதாவது பதில் எழுதவேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார். இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இது:

"செல்வி அக்கா, நீங்க போட்டுக் கொடுத்த மூணு கலர் ஷீட்டத்தான் இன்னும் மாசக் கடைசியில திறந்து வெச்சுக்கறேன். 'சிவப்பு காலியாகாம பைய எடுக்காத'ன்னு சொன்னது இப்பவும் காதுல கேக்குது. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்!"

மூன்றே வாக்கியம். ஷீட் குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்த பொருள், அதனால் யாரும் வெளியே நிற்கவேண்டியதில்லை. 'இன்னும்' என்ற சொல் அந்த உதவி பழங்கதை ஆகவில்லை, இன்றும் நடக்கிறது என்று காட்டுகிறது. அவர் பேச்சு அவர் வாயிலிருந்தே வருகிறது. நன்றி என்ற சொல்லே இல்லாமல் நன்றி தெரிகிறது. வாழ்த்து கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. போனில் நோட்டிஃபிகேஷன் வரும்போது செய்தியின் ஆரம்பம்தான் முதலில் கண்ணில் படும். எல்லோரும் 'ஹேப்பி பர்த்டே' என்று தொடங்கினால் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக அதே சொல்தான் நிற்கும். உங்களுடையது மட்டும் 'செல்வி அக்கா, நீங்க போட்டுக் கொடுத்த மூணு கலர்' என்று தொடங்கினால் அவர் திறந்து படிப்பார்.

எழுதியது தனிப்பட்டதாக வந்திருக்கிறதா என்று அனுப்பும் முன்பே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இதற்கு 'நன்றி' தவிர வேறு ஏதாவது பதில் எழுத முடியுமா? குணங்களின் பட்டியலுக்கு முடியாது. "ஆமாம், நான் உழைப்பாளிதான்" என்று யார் எழுதுவார்? ஷீட்டுக்கு முடியும். "இன்னும் அந்தப் பழைய ஷீட்டா? புதுசு ஒண்ணு இருக்கு, அனுப்பறேன்" என்று செல்வி எழுதலாம். அப்படி ஒரு பதில் வந்தால் வாழ்த்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சம்பவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பார்கள். வராது, பிறந்தநாள் காலையில் அவசரத்தில் யோசித்தால் யாருக்கும் வராது. அதே குரூப்பில் அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கடந்த சில மாதங்களில் யார் யார் அவருக்கு எதற்காக நன்றி சொன்னார்கள், எந்தக் கேள்விகளை அவர் பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்பதெல்லாம் வரும். அதில் உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றை எடுத்தால் போதும். பெரிய சாதனையைத் தேடாதீர்கள். பெரிய சாதனையை எல்லோரும் எழுதுவார்கள். புதிதாக வருபவருக்கு மீட்டிங் லிங்க் கிடைக்கவில்லை என்றால் கேட்கும் முன்பே அனுப்பிவிடுவார் என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி ஆளுக்கு ஏற்ற மாற்றங்கள். மேனேஜருக்கு எழுதும்போது சம்பவ வழியே ஐஸ் வைப்பதிலிருந்தும் காப்பாற்றும், ஆனால் அவர் எவ்வளவு நல்ல தலைவர் என்று முடிக்கும் ஆசையை அடக்கவேண்டும். "சார், மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி கடைசி வரிய முதல் வரியா மாத்திப் பாருன்னு சொன்னீங்க, இப்ப எல்லா மெயிலும் அப்படித்தான் போகுது. பிறந்தநாள் வாழ்த்துகள் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கற்றுக்கொண்டது இருக்கிறது, புகழ்ச்சி இல்லை. இளையவருக்கு எழுதினால் அவர் வளர்ந்துவிட்டார் என்று சொல்லாமல் அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.

சேர்ந்து ஒரு மாதமே ஆனவர், இதுவரை நேரில் பேசியதே இல்லை என்றால்? இங்கே சம்பவத்தைத் தேடிப் பிடித்து எழுதினால் வேவு பார்த்த மாதிரி இருக்கும். பொய் நெருக்கத்தைவிடச் சாதாரண வாழ்த்து எவ்வளவோ மேல். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். டீமோட உங்க முதல் பிறந்தநாள், நல்லபடியா அமையட்டும்" என்பதில் உண்மையும் இருக்கிறது, அவருக்கு மட்டும் பொருந்துவதும் இருக்கிறது.

தனிச் செய்தியா, குரூப்பா என்று கேட்டால், நெருக்கமானவருக்கு இரண்டும். தனிச் செய்தியைக் காலையிலேயே அனுப்பிவிட்டு, பிறகு குரூப்பில் போடுங்கள். ஆஸ்பத்திரி வாரம் போன்ற விஷயங்களுக்கு இடம் தனிச் செய்திதான், அங்கே எட்டு வரி எழுதினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தனியாகச் சொல்லிவிட்டோமே என்று குரூப்பில் சும்மா இருப்பது பதினான்கு பேர் குரூப்பில் சரிப்படாது. நெருங்கியவர்கள் எழுதாமல் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். ஒரே ஒரு விலக்கு உண்டு. சிலர் தங்கள் பிறந்தநாளை யாருக்கும் சொல்வதில்லை. எச்.ஆர். பட்டியலிலோ பழைய ஃபார்மிலோ பார்த்துத் தெரிந்துகொண்ட தேதியை வைத்துக் குரூப்பில் நீங்கள் முதல் வெடியைக் கொளுத்தாதீர்கள். தனியாக ஒரு வரி போதும், அவர் விரும்பினால் அவரே சொல்வார்.

டீம் லீடாக இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். ஒருவருக்கு மூன்று நிற ஷீட் என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் இன்னொருவருக்கு 'ஹேப்பி பர்த்டே, என்ஜாய்' என்று போட்டால், குரூப்பில் அது பளிச்சென்று தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் ஒப்பிடுவார்கள். அதனால் லீட் எழுதுவதாக இருந்தால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நீளம், எல்லோருக்கும் ஒரு சம்பவம் என்று வைத்துக்கொள்வது நியாயம். போனில் ஒரு நோட் திறந்து, யாராவது கண்ணில் படும்படி ஒன்று செய்யும்போதே பெயரோடு ஒரு வரி குறித்து வைத்தால், பிறந்தநாள் வரும்போது தேடவேண்டாம். இதில் அதிகம் பேசாதவர்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லாமல் இருப்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், அவர்கள் வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க நேரமும் கிடைக்கும்.

போன மாதம் ஒருவருக்கு எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பும் பழக்கம் இருந்தால் ஒன்று சொல்லவேண்டும். பெயரை மாற்ற மறப்பது நடக்கிற காரியம்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்தப் பதினைந்து நிமிடம் உண்டு, அதற்குள் பார்த்தால் தப்பிக்கலாம். ஆனால் திருத்தியது என்ற குறிப்பு செய்தியோடு நிற்கும், நோட்டிஃபிகேஷனில் பழைய பெயரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததும் தெரிந்ததுதான்.

நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். முதல் ஆளாக எழுதினால் அச்சைப் போடுவது நீங்கள். நீங்கள் சம்பவத்தோடு தொடங்கினால் பின்னால் வருபவர்களில் இரண்டு மூன்று பேராவது தங்கள் சம்பவத்தை எழுதுவார்கள். பத்தாவது ஆளாக வந்தால் மேலே யாராவது அதே ஷீட்டைச் சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். சொல்லியிருந்தால் அந்தச் செய்திக்கே ரிப்ளை போட்டு உங்கள் பங்கைச் சேர்க்கலாம்: "எனக்கும் அதே ஷீட்தான், மஞ்சளுக்கு என்ன அர்த்தம்னு ஒரு மாசம் தெரியாமலே ஓட்டினேன். வாழ்த்துகள் அக்கா!" அவர் மொத்தமாக நன்றி சொல்லி முடித்த பிறகு நீங்கள் வந்தால், குரூப்பில் சின்னதாக ஒரு வரி போட்டுவிட்டு, எழுத நினைத்ததைத் தனியாக அனுப்புங்கள். ஒரு நாள் தாண்டிவிட்டால் குரூப்பில் வேண்டாம், தனிச் செய்தி மட்டும் போதும். அதில் ஏன் தாமதம் என்ற விளக்கத்தை நீட்டாமல் நேராக ஷீட்டுக்கு வந்துவிடுங்கள்.